சிலை தாமதமானப்போ எழுதின மன்னிப்பு மின்னஞ்சல்: உங்க அனுபவம்?

சுவாமிமலை மலர்
எங்க பட்டறைக்கு வர்ற மின்னஞ்சலுக்கெல்லாம் நான்தான் பதில் எழுதுவேன். மலேசியாவுல ஒரு கோயில் கமிட்டிக்கு ரெண்டடி அம்மன். நவம்பர் 20 அனுப்புறதா பேச்சு, தை கடைசியில கும்பாபிஷேகம். 20 வந்தப்போ அம்மன் இன்னும் மண் கூட்டுக்குள்ள மெழுகாத்தான் இருந்தா. அடைமழை. நிழல்ல காய வேண்டிய வண்டல் மண் காயவே இல்ல. ஈரக் கூட்டுல உலோகத்தை ஊத்தினா ஆவி அடிச்சு வெடிச்சிடும்.

24ஆம் தேதி கமிட்டித் தலைவரே கேட்டு எழுதிட்டாரு. ஸ்தபதி ஐயா, "மழையால தாமதம், சீக்கிரம் அனுப்புறோம்னு போடும்மா" என்றார். எனக்குக் கை வரல. ஐப்பசி, கார்த்திகையில மழை பெய்யும்னு நமக்குத் தெரியாதா? காயுற நாளை கோடைக் கணக்குல போட்டது பட்டறைதானே? அதை ஐயாகிட்டயே சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அப்படியே எழுது" என்றார். அந்த முகம் மனசை விட்டுப் போகல.

போன கடிதம் இது:

*பொருள்: அம்மன் சிலை – நவம்பர் 20 தவறியது, புதிய தேதி ஜனவரி 5*

*ஐயா, வணக்கம். நவம்பர் 20 அன்று சிலையை அனுப்ப ஒப்புக்கொண்டோம், அனுப்பவில்லை. மழைக்காலத்தில் கூடு காய ஆகும் நாளைக் கணக்கில் சேர்க்காமல் தேதி கொடுத்தது எங்கள் தவறு. நீங்கள் கேட்கும்வரை சொல்லாமல் இருந்ததும் எங்கள் தவறு. மன்னிக்க வேண்டுகிறோம்.*

*மெழுகு உருவம் முடிந்து, மண் பூசிய கூடு காய்ந்துகொண்டிருக்கிறது. டிசம்பர் 4 வார்ப்பு. டிசம்பர் 7 கூட்டை உடைத்ததும் அன்றே படம் அனுப்புவோம். பிறகு உளி வேலை மூன்று வாரம். ஜனவரி 5 சிலை பட்டறையிலிருந்து புறப்படும். வார்ப்பு பழுதானால் மெழுகிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும், ஜனவரி 5 நிற்காது. அதையும் 7ஆம் தேதியே சொல்லிவிடுவோம்.*

"கும்பாபிஷேகத் தேதி பத்தி 7ஆம் தேதி வரைக்கும் குருக்கள்கிட்ட எதுவும் பேச மாட்டோம்" என்று பதில் வந்துச்சு.

தஞ்சை கார்த்தி
தவறுன்னு ரெண்டு தடவை எழுதினது அதிகம். நான் வெப்சைட் செஞ்சு கொடுக்கிறவன். ஒரு தடவை அப்படி எழுதினதும் அடுத்த பதில்லயே பணத்தைக் குறைக்கச் சொன்னாங்க. பழுதாகலாம்னு நாமளே ஏன் பயமுறுத்தணும்? ஜனவரி 20ன்னு தாராளமா ஒரே தேதி கொடுத்திருக்கலாம்.

திருபுவனம் ராஜி
முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தீங்களா மலர்? எங்க கடைக்கு முகூர்த்தப் பட்டு நெய்ஞ்சு தர்றவங்க ஒரு நீளமான மெயில் அனுப்பினாங்க. பாவு அறுந்தது, வீட்டுல உடம்பு சரியில்லாதது, எல்லாம் இருந்துச்சு. நான் தேதியைத் தேடித் தேடிப் படிக்கிறேன், கடைசி வரைக்கும் இல்ல. பொண்ணோட அம்மா போன்ல "என்னைக்குன்னு மட்டும் சொல்லுங்க"ன்னு அழுதாங்க. அன்னைக்கே வேற கடையில வாங்கிட்டாங்க. முன்பணத்துக்கு இன்னும் அலையுறேன்.

நாகை பாலு
கார்த்தி தம்பி, வேலையோட கட்டத்தை எண்ணாம கூட்டிப் போடுற 15 நாள் வெறும் ஆசை. மறு வார்ப்புன்னு வந்தா மெழுகு, மண், காய வைக்கிறது, வார்ப்பு, உளின்னு முழுசா ஒரு சுத்து வேணும், ஜனவரி 20ம் தவறும். கூடு உடைக்கிற நாளை மலர் எழுதினதாலதான் அவங்களால குருக்கள் விஷயத்துல முடிவெடுக்க முடிஞ்சுது.

ஆனா மலர், நீங்க ஒண்ணை விட்டுட்டீங்க. சிலை வெளிநாடு போகணும்னா பழம்பொருள் இல்லைன்னு தொல்லியல் துறை சான்று வேணும். அது இல்லாம சுங்கத்துல நிக்கும். நான் சரக்கு அனுப்புற வேலையில இருக்கேன், அப்படி நின்ன பெட்டிகளைப் பார்த்திருக்கேன். "புறப்படும்"னு படிக்கிறவர் அடுத்த வாரம் கைக்கு வரும்னுதான் நினைப்பார். அதனால ரெண்டு தேதி எழுதணும். பட்டறை வேலை முடியுற நாளுக்கு நாங்க பொறுப்புன்னு தெளிவா சொல்லுங்க. சான்றும் விமானமும் எங்க கையில இல்ல, இந்தத் தேதிக்கு விண்ணப்பிக்கிறோம், ரசீதை அன்னைக்கே அனுப்புறோம்னு தனியா எழுதுங்க. ரெண்டையும் ஒரே தேதியில கலந்தா, அடுத்தவன் தாமதமும் உங்க வாக்குத் தவறினதா ஆயிடும்.

தஞ்சை கார்த்தி
சரி அண்ணே. 7ஆம் தேதி என்னாச்சுன்னு மலர் சொல்லவே இல்லையே?

சுவாமிமலை மலர்
ராஜி அக்கா, முன்பணத்தை அவங்க கேட்கல. பாலு அண்ணே, சான்று விஷயம் ரெண்டாவது கடிதத்துலதான் ஏறுச்சு.

ஆமா, ரெண்டாவது கடிதமும் எழுத வேண்டியதாச்சு. கூட்டை உடைச்சா முகம் சுத்தமா வந்திருந்துச்சு, இடது கையில ஒரு விரலுக்கு உலோகம் போய்ச் சேரல. படத்தைப் பார்த்துட்டு, பூசைக்கு வைக்கிற சிலையில ஒட்டு வேண்டாம்னு கமிட்டி சொல்லிடுச்சு. திரும்ப மெழுகுலேர்ந்து எண்ணி, ஜனவரி 27ன்னு எழுதினோம். தேதியை ஏத்துக்கிட்டாங்க. அந்தக் கடிதத்துலயும் ஐயா மன்னிப்பு எழுதச் சொன்னாரு. பழுது வரலாம்னு முன்னாடியே சொல்லியிருந்தோம், வார்ப்புல யாரும் அஜாக்கிரதையா இல்ல. "வருந்துகிறோம்"னு மட்டும் போதும்னு நான் நினைச்சேன். ஐயா சொன்னபடிதான் போச்சு. நீங்களா இருந்தா எப்படி எழுதியிருப்பீங்க?

திருபுவனம் ராஜி
ஐயா சொன்னதுதான் சரி. விரல் இல்லாத சிலை யார் பட்டறையில வந்துச்சு?

தஞ்சை கார்த்தி
அக்கா, ஒத்துக்க மாட்டேன்.