கலைச்சொல் விவாதம்: டிரம்மில் உரம் 'திரிவதை' எப்படி எழுதுவது?

சொல்தேடி எழுதியது:

வணக்கம். சொட்டுநீர்க் குழாய் வழியாக உரம் கொடுப்பது பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறோம். ஃபெர்டிகேஷனுக்கு 'உரப்பாசனம்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். என் சிக்கல் அடுத்த பக்கத்தில். இரண்டு உரங்கள், தனித்தனியாகப் போட்டால் தண்ணீரில் சுத்தமாகக் கரைகின்றன, ஆனால் ஒரே டிரம்மில் போட்டால் வெள்ளையாகக் கலங்கி, அந்தத் துகள் போய் டிரிப்பரை அடைக்கிறது. இந்தக் குணத்துக்கு ஒரு சொல் வேண்டும். 'பொருந்தாமை' என்று எழுதினேன், ஜாதகம் பார்க்கிறீர்களா என்று மெய்ப்பு பார்த்தவர் கேட்டுவிட்டார். 'ஒவ்வாமை' தோல் டாக்டரிடம் போய்விட்டது. 'வீழ்படிவு' பள்ளிக்கூடத்துச் சொல், நல்ல சொல்தான், ஆனால் அது அடியில் தங்குகிற பொருளின் பெயர்.

உரக்கடை எழுதியது:

இதற்குப் புதுச்சொல்லே தேவையில்லை. சாக்கில் 'நீரில் கரையும் உரம்' என்று போட்டிருக்கிறதா, அவ்வளவுதான் பார்க்க வேண்டும். அடைப்பு வருவதெல்லாம் சிவப்புப் பொட்டாஷ், சூப்பர் பாஸ்பேட், ஊறவைத்த டிஏபி போடுகிறவர்களுக்கு. சிவப்புப் பொட்டாஷில் அந்தச் சிவப்பே இரும்புத் துருவும் களிமண்ணும்தான், அது எப்படிக் கரையும்? யூரியா, வெள்ளைப் பொட்டாஷ், 19-19-19, 12-61-0, 13-0-45, கால்சியம் நைட்ரேட் என்று போய்விட்டால் கண்ணை மூடிக்கொண்டு கலக்கலாம். 'கரையும் உரம்', 'கரையா உரம்', இரண்டே சொல்.

உடுமலைக்காரன் எழுதியது:

அண்ணா, நீங்கள் சொன்ன பட்டியலில் இருப்பதை மட்டும்தான் நானும் போட்டேன், கண்ணையும் மூடிக்கொண்டேன். தக்காளி, அரை ஏக்கர். 100 லிட்டர் டிரம்மில் கால்சியம் நைட்ரேட் 3 கிலோ கரைத்தேன், கண்ணாடி மாதிரி இருந்தது. அதிலேயே 12-61 2 கிலோ கொட்டினேன். கொட்டின இடத்திலிருந்து பால் திரிகிற மாதிரி திரிதிரியாக வெள்ளை கிளம்பி, குச்சி விட்டு எவ்வளவு கலக்கியும் தெளியவில்லை. வேட்டித் துணியில் வடிகட்டி, வென்சுரியில் விட்டுவிட்டேன். இரண்டு வாரமாக இதே வேலை. இப்போது டிஸ்க் ஃபில்டருக்கு முன்னால் ஒன்றரை கிலோ அழுத்தம், பின்னால் 0.8 தான் காட்டுகிறது. கடைசி வரிசையில் செடி மத்தியானத்தில் வாடுகிறது. எங்கள் ஊரில் இதற்கு 'உரம் திரிஞ்சு போச்சு' என்றுதான் சொல்லுவோம். சொல் இருக்கட்டும், முதலில் இதை எப்படிச் சரி செய்வது?

மண்சோதனை எழுதியது:

கடைக்காரர் சொல்வதில் பாதி சரி. சிவப்புப் பொட்டாஷ், சூப்பர் இரண்டும் டிரம்முக்கு ஆகாது. ஆனால் கரைவது வேறு, மற்றொன்றோடு சேர்ந்து கரைந்தபடியே இருப்பது வேறு. கால்சியம் நைட்ரேட் கரைந்ததும் கால்சியம் தனியாகத் தண்ணீரில் நிற்கும். 12-61 ஆகட்டும், 0-52-34 ஆகட்டும், மணிச்சத்து உள்ளது எது வந்தாலும் அதைப் பிடித்துக் கால்சியம் பாஸ்பேட் ஆகிவிடும். மெக்னீசியம் சல்பேட், அம்மோனியம் சல்பேட், சல்பேட் பொட்டாஷ் வந்தால் ஜிப்சம். 19-19-19 சாக்கிலும் மணிச்சத்து இருக்கிறது, அதுவும் கால்சியத்தோடு சேராது. அதனால் கால்சியம் நைட்ரேட்டுக்குத் தனி டிரம், தனி நாள். ஒரே நாளில் விட்டாக வேண்டுமென்றால் நடுவில் கால் மணி, இருபது நிமிடம் வெறும் தண்ணீர் ஓட வேண்டும்.

துணியில் வடிகட்டினது பலன் தராது தம்பி. வடிகட்டின பிறகும் படிவு உருவாகிக்கொண்டே இருக்கும், ஃபில்டரைத் தாண்டிக் குழாய்க்குள் போய்த்தான் கெட்டியாகும்.

சொல்லைப் பற்றி: 'திரிவு' எனக்குப் பிடித்திருக்கிறது. பால், எலுமிச்சை என்று ஒரு காட்சி கூடவே வருகிறது. பாலும் நல்லது, எலுமிச்சையும் நல்லது, சேர்த்தால்தான் வினை. 'பொருந்தாமை'யில் இந்தக் காட்சி இல்லை.

வலிகாமம் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறுக்கீடு. முதல்ல, எங்களுக்கு 'உரம்' இல்லை, 'பசளை'. அதை மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை, ஒரு அடிக்குறிப்பாவது போடுங்கோ. இரண்டாவது, பால் எங்களிடம் 'திரைஞ்சு' போகும். 'திரைவு' என்று எழுதினால் என்ன? 'திரிவு' என்றால் கொரோனாத் 'திரிபு'தான் ஞாபகம் வருகுது, அச்சுப்பிழை என்றே நினைப்பினம்.

மூன்றாவது என் கதை. எங்கட கிணறு சுண்ணாம்புக் கல்லுக்குள்ள. கேத்திலில் தண்ணி காய்ச்சினால் அடியில வெள்ளையாகப் பிடிக்கும். நான் கால்சியம் நைட்ரேட் தொடவே இல்லை, 12-61 மட்டும்தான். டிரம்மில் தெளிவாகத்தான் இருக்குது. ஆனாலும் சொட்டுவான் அடைக்குது. அப்ப இது திரிவா, திரைவா, வேறையா?

மண்சோதனை எழுதியது:

வலிகாமம் ஐயா கேட்டதுதான் இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி. அதுவும் திரிவுதான், ஆனால் கால்சியத்தைக் கொண்டுவந்தது சாக்கு இல்லை, உங்கள் கிணறு. 12-61 சற்றுப் புளிப்பான உரம். டிரம்மில் அது செறிவாக இருக்கும்போது அந்தப் புளிப்பே படிவு வராமல் காத்துவிடுகிறது. வென்சுரி வழியாகப் போய்க் குழாயில் நூறு பங்கு தண்ணீரோடு சேர்ந்ததும் புளிப்பு போய்விடும், தண்ணீரின் பி.எச் ஏழரைக்குத் திரும்பும். அங்கே கால்சியமும் காத்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல் திரிந்துவிடும்.

அதனால் டிரம்மை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. இரண்டு கண்ணாடிப் போத்தல், இரண்டிலும் உங்கள் கிணற்றுத் தண்ணீரே இருக்க வேண்டும், கேன் தண்ணீர் கூடாது. ஒன்றில் டிரம்மில் கலக்கும் அளவிலேயே உரங்களைக் கலந்து வையுங்கள். மற்றதில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு அந்தக் கரைசல் 10 மில்லி விடுங்கள், குழாய்க்குள் ஏறக்குறைய அந்த அளவில்தான் போகும். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை, மறுநாள் காலையில் ஒரு முறை, பின்னால் கறுப்புத் துணி பிடித்துப் பாருங்கள். மங்கினாலோ அடியில் மாவு மாதிரி தங்கினாலோ அதை விடக் கூடாது. உங்கள் கிணற்றுக்கு 12-61 இரண்டாம் போத்தலில் தோற்கும் என்று நினைக்கிறேன். அப்படித் தோற்றால் மணிச்சத்தை அடியுரமாக மண்ணிலேயே போட்டுவிடுங்கள், இல்லையென்றால் பாஸ்பாரிக் அமிலமாக, தண்ணீரின் பி.எச் இறங்கும் அளவுக்குக் கொடுங்கள்.

பசுஞ்சாணம் எழுதியது:

நண்பர்களே, ரசாயனத்தை விடுங்கள். நான் ஜீவாமிர்தமும் பஞ்சகவ்யமும் மூன்று மடிப்புத் துணியில் வடிகட்டிச் சொட்டுநீரில் விடுகிறேன். திரிவும் இல்லை, ஒன்றும் இல்லை. குழாய்க் கடைசியைத் திறந்தால் கொழகொழவென்று பழுப்பாக ஒன்று வருகிறது, அது சத்துதானே?

மண்சோதனை எழுதியது:

அது சத்து இல்லை ஐயா, பாசியும் நுண்ணுயிரும் வளர்ந்த வழவழப்பு. அதுவும் அடைக்கும், ஆனால் அது வேறு கதை. அதற்குக் குளோரின் போடுவார்கள். நீங்கள் போட்டால் விட்ட நுண்ணுயிரெல்லாம் செத்துவிடும், அதனால் உங்களுக்கு நான் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அடிக்கடி கடைசி மூடியைத் திறந்து கழுவுங்கள். ஒன்று மட்டும் எல்லோருக்கும்: குளோரினும் அமிலமும் ஒருபோதும் ஒன்றாகச் சேரக் கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

உரக்கடை எழுதியது:

சரி, ஒத்துக்கொள்கிறேன், கால்சியம் விஷயம் நான் விட்டுவிட்டேன். உடுமலைக்காரருக்கு வழி சுலபம், ஆசிட் விட்டால் எல்லாம் கரைந்து போகும்.

மண்சோதனை எழுதியது:

கார்பனேட்டும் பாஸ்பேட்டும் போகும், ஜிப்சம் அமிலத்துக்கு அசையாது. உடுமலைத் தம்பி, முதலில் எவ்வளவு அடைத்திருக்கிறது என்று அளந்து பாருங்கள். 4 லிட்டர் டிரிப்பர்தானே? அடியில் ஒரு டப்பா வைத்துக் கால் மணி நேரம் பிடித்தால் ஒரு லிட்டர் வர வேண்டும். முதல் வரிசையிலும் கடைசி வரிசையிலும் பிடியுங்கள்.

அப்புறம் ஒரு வாளியில் 10 லிட்டர் கிணற்றுத் தண்ணீர் எடுத்து, 33 விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சிரிஞ்சில் ஒவ்வொரு மில்லியாக விட்டு, பி.எச் தாள் 4 காட்டுகிற வரைக்கும் எண்ணுங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும்.

உடுமலைக்காரன் எழுதியது:

முதல் வரிசையில் 950 மில்லி, கடைசி வரிசையில் 400. வாளிக்கு 8 மில்லி பிடித்தது. என்னிடம் 2,250 டிரிப்பர், மணிக்கு 9,000 லிட்டர் ஓடும்.

மண்சோதனை எழுதியது:

அப்படியானால் லிட்டருக்கு 0.8 மில்லி. கால் மணி நேரத்தில் 2,250 லிட்டர் போகும், ஆக 1.8 லிட்டர் அமிலம். முதலில் ஃபில்டரைக் கழற்றிக் கழுவி, வெறும் தண்ணீரில் கடைசி மூடிகளைத் திறந்து ஓட்டிவிடுங்கள். பிறகு மூடியைப் போட்டு, டிரம்மில் 30 லிட்டர் தண்ணீர் வைத்து அதில் அந்த 1.8 லிட்டரை மெதுவாக ஊற்றி, வென்சுரி வழியாகக் கால் மணி நேரத்தில் முடிகிற மாதிரி விடுங்கள். கடைசி டிரிப்பரில் சொட்டுகிற தண்ணீரில் தாள் 4 காட்ட வேண்டும், காட்டவில்லை என்றால் அங்கே அமிலம் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். மோட்டாரை நிறுத்தி இரவு முழுக்க விட்டுவிட்டு, காலையில் மூடியைத் திறந்து தெளிவாக வருகிற வரை கழுவுங்கள்.

சொல்தேடி எழுதியது:

இதற்கு நடுவே சொல்லுக்கும் வருகிறேன். 'திரிவு' என்று வைத்தால் அந்தப் போத்தல் வேலை 'திரிவுச் சோதனை' ஆகிவிடும், திரியாதவை 'உடன்கரை உரங்கள்'. 'திரைவு' என்றால் 'திரைவுச் சோதனை', வாசகர் சினிமாத் திரையை நினைத்துக்கொள்வார் என்று பயம். எமிட்டருக்கு 'உமிழி' என்று எழுதியிருந்தேன், டிரான்சிஸ்டர்க்காரர்கள் அதைப் பிடித்துவிட்டார்கள், வலிகாமம் ஐயாவின் 'சொட்டுவான்' நன்றாக இருக்கிறது.

வலிகாமம் எழுதியது:

சொட்டுவானைத் தந்துவிட்டுத் திரைவை விட மாட்டேன் என்றால் பேராசை. ஆனாலும் விடுகிறதாக இல்லை.

என்ர போத்தல் முடிவு: செறிவானது இன்று காலையிலும் தெளிவு. பத்து மில்லி விட்டது, இரண்டு மணித்தியாலத்தில் மங்கல், இன்றைக்கு அடியில மெல்லிய மாவு. 12-61 சாக்கைத் தம்பியின் கத்தரித் தோட்டத்துக்கு அடியுரமாகக் கொடுத்துவிட்டேன்.

உடுமலைக்காரன் எழுதியது:

காலையில் கழுவினேன், மோர் மாதிரி வந்தது, பிறகு தெளிந்தது. கடைசி வரிசையில் இப்போது 850 மில்லி. ஆனால் ஏழெட்டு டிரிப்பர் அப்படியே இருக்கிறது. ஒன்றைப் பிரித்து உள்ளே இருந்த வெள்ளைக் கல்லைச் சுரண்டி டம்ளரில் அமிலம் விட்டேன், நுரைக்கவும் இல்லை, ராத்திரி முழுக்க வைத்தும் கரையவும் இல்லை. போன மாதம் இதே டிரம்மில் கால்சியத்தோடு மெக்னீசியம் சல்பேட்டும் போட்டிருந்தேன்.

மண்சோதனை எழுதியது:

அப்படியென்றால் பெரும்பாலும் ஜிப்சம். அந்த ஏழெட்டையும் மாற்றிவிடுங்கள், அதோடு சண்டை போட்டு ஆகாது.

உரக்கடை எழுதியது:

எங்கள் கடையில் கால்சியம் சாக்கைத் தனி அடுக்கில் வைத்து, சுவரில் 'இதோடு மணிச்சத்தும் சல்பேட்டும் திரியும்' என்று சாக்பீஸில் எழுதிவிட்டேன். வந்தவர் ஒருவர் "திரியுமா, எங்கே திரியும்?" என்று கேட்டார்.

சொல்தேடி எழுதியது:

அச்சுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. யாருக்காவது இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள்.