லாகின் ஆகவில்லை என்று ஹெல்ப்டெஸ்குக்கு எழுதிய மெயில்: பிழை பார்த்துத் தர முடியுமா?

மஞ்சக்குப்பம்: எனக்குக் கடலூர் கிளையில் வேலை. வாரத்தில் இரண்டு நாள் புதுச்சேரி தலைமை அலுவலகத்தில் இருப்பேன். ஹெல்ப்டெஸ்க் அங்கேதான், தமிழில் எழுதினாலும் எடுத்துக்கொள்வார்கள். கீழே உள்ளதை அனுப்பினேன், "விவரம் போதவில்லை" என்று திருப்பிவிட்டார்கள். எங்கே தப்பு?

> ஐயா, காலையிலிருந்து லாகின் ஆகவில்லை. நேற்று கடவுச்சொல் மாறியது. மூன்று முறை போட்டது, பூட்டிவிட்டது. உங்களிடம் சொல்லி திறந்தேன். திரும்பவும் பூட்டுகிறது. கடவுச்சொல் மாற்றவில்லை. உடனே சரிசெய்து தருமாறு.

பாகூர்: தமிழ் 99 விசைப்பலகை போட்டிருப்பீர்கள். கடவுச்சொல் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும், தப்பாக விழுவது கண்ணுக்குத் தெரியாது. விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றிப் பாருங்கள். எனக்கு அப்படித்தான் ஆனது.

மஞ்சக்குப்பம்: அதைப் பார்த்துவிட்டேன், ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. மெயிலைத்தான் திருத்த வேண்டும்.

வில்லியனூர்: "மாறியது" என்று எழுதினால் கடவுச்சொல் தானாக மாறிவிட்டது என்று அர்த்தம். படிக்கிறவர் யாரோ உங்கள் கணக்குக்குள் புகுந்துவிட்டார்கள் என்று நினைப்பார், வேலை வேறு பக்கம் போய்விடும். நீங்களே செய்திருந்தால் "மாற்றினேன்". "திறந்தேன்" அதற்கு நேர்மாறு. பூட்டை எடுத்தது அவர்கள், அதனால் "திறந்துவிட்டீர்கள்" என்று வர வேண்டும். "போட்டது" என்பதும் "போட்டேன்" ஆக வேண்டும்.

கடைசிக்கு முந்தைய வரிதான் பெரிய சிக்கல். மாற்றினேன், மாற்றினார்கள் என்றால் விகுதியே ஆளைக் காட்டிவிடும், "நான்" இல்லாமலே புரியும். "மாற்றவில்லை" அப்படி இல்லை. நான், நீங்கள், அவர்கள் எல்லாருக்கும் அதே வடிவம். நீங்கள் மாற்றவில்லையா, அவர்கள் மாற்றித் தரவில்லையா? "இல்லை" வருகிற இடத்தில் ஆளை எழுதியே ஆக வேண்டும்.

தேவனாம்பட்டினம்: "பூட்டிவிட்டது" சரிதானே? "பூட்டப்பட்டது" என்று செயப்பாட்டு வினையில் எழுதினால் யார் செய்தது என்றே தெரியாது. அதைத் தவிர்ப்பதே நல்லது.

வில்லியனூர்: பொதுவாக நீங்கள் சொல்வது சரி, இந்த இடத்துக்குப் பொருந்தாது. எது பூட்டிவிட்டது? கணினித் திரையா, கணக்கா? அங்கே விடுபட்டது "கணக்கு" என்ற சொல். தவறான முயற்சிகள் வரம்பை எட்டியதும் பூட்டுவது அமைப்பு, ஆள் இல்லை. அதனால் "கணக்கு பூட்டப்பட்டது" பொருத்தமே.

மஞ்சக்குப்பம், இரண்டு விவரம் வேண்டும். திரையில் வந்த செய்தி என்ன? இரண்டாம் முறை பூட்டும்போது எந்த ஊரில் இருந்தீர்கள்?

மஞ்சக்குப்பம்: `The referenced account is currently locked out and may not be logged on to.` இரண்டு முறையும் கடலூரில்தான் இருந்தேன். கடவுச்சொல்லை மாற்றியது நேற்று மாலை, அதுவும் கடலூரில். இன்று 10.40க்கு டீ குடித்துவிட்டு வந்து ஒரே ஒரு முறைதான் போட்டேன்.

வில்லியனூர்: ஒரே முறைக்குப் பூட்டுகிறது என்றால் வேறெங்கோ பழைய கடவுச்சொல் முட்டிக்கொண்டிருக்கலாம். புதுச்சேரி கணினியில் வெளியேறாமல் வந்திருந்தால் அந்த செஷன் பழையதையே அனுப்பும். அலுவலக மெயில் வைத்த போனும் அப்படித்தான். பூட்டு விழும்போது சர்வரில் 4740 என்ற எண்ணில் பதிவு விழும், எந்தக் கணினியிலிருந்து வந்தது என்பதும் அதில் பெரும்பாலும் இருக்கும். "காலையிலிருந்து" என்று எழுதினால் எந்தப் பதிவைத் தேடுவார்கள்? மணி கொடுங்கள். இப்படி அனுப்பலாம், நேரங்களை மட்டும் சரிபாருங்கள்:

> பொருள்: விண்டோஸ் கணக்கு ஒரே நாளில் இருமுறை பூட்டப்பட்டது
>
> வணக்கம். நேற்று மாலை 4.30க்குக் கடலூர் கிளையில் என் கணக்கின் கடவுச்சொல்லை நானே மாற்றினேன். இன்று காலை 9.20க்கு அதே கணினியில் புதிய கடவுச்சொல்லை மூன்று முறை போட்டேன், கணக்கு பூட்டப்பட்டது. 10.05க்கு நீங்கள் திறந்துவிட்டீர்கள், உள்ளே போக முடிந்தது. 10.40க்கு ஒரே முறை போட்டேன், கணக்கு பூட்டப்பட்டிருப்பதாகச் செய்தி வந்தது (படம் இணைப்பில்). இடையில் கடவுச்சொல்லை நான் மாற்றவில்லை. புதுச்சேரி கணினியில் என் செஷன் திறந்திருக்கிறதா என்று பார்த்து, கணக்கைத் திறந்துதருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

"தருமாறு" என்று நிறுத்தினால் வாக்கியம் முடியவில்லை, "கேட்டுக்கொள்கிறேன்" வந்தால்தான் முடியும். அடியில் ஊழியர் எண்ணும் பயனர் பெயரும் இருக்கட்டும். கடவுச்சொல்லை மெயிலில் எழுதவே எழுதாதீர்கள்.

தேவனாம்பட்டினம்: "கடவுச்சொல்லைப் போட்டேன்" பேச்சு வழக்கு. "உள்ளிட்டேன்" இல்லையா?

வில்லியனூர்: எழுதுகிறவர் விருப்பம். "போட்டேன்" என்பதில் பொருள் குழம்பாது.

மஞ்சக்குப்பம்: அனுப்பிவிட்டேன். புதுச்சேரியில் வெள்ளிக்கிழமை கணினியை நிறுத்தாமல்தான் வந்தேன். ஆனால் போனிலும் மெயில் இருக்கிறது. எது காரணம் என்று அவர்கள் பார்த்துச் சொன்னால்தான் தெரியும்.