டியூஷனுக்கு இரண்டாவது வாத்தியாரும் ஒரு ஸ்டாம்ப் பேப்பரும்

மலைக்கோட்டை மணி (வேறொரு இழையில் எழுதியது):
"வீட்டு டியூஷனைப் பெரிசாக்க ஒரே வழி இரண்டாவது வாத்தியாரைப் போடுவதுதான். 'விலகினால் 2 வருஷம் 3 கிலோமீட்டருக்குள் டியூஷன் எடுக்க மாட்டேன்' என்று ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து வாங்கிவிட்டால் தலைவலியே கிடையாது. பயந்தாங்கொள்ளிகள்தான் 20 பிள்ளைகளோடு நின்றுவிடுகிறார்கள்."

சிலேட்டுக்குச்சி:
அந்த ஸ்டாம்ப் பேப்பரை நானும் வாங்கி வைத்தவள்தான் மணி சார். இப்போதும் பீரோவில் கிடக்கிறது.

என் ஹாலில் 20 பேர்தான் உட்கார முடியும். கூட்டம் சேர்ந்ததும் மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, ஒன்பதாம் வகுப்பு 18 பேரை ஒரு தம்பியிடம் முழுசாக விட்டேன். கணக்கு, அறிவியல் இரண்டும் அவர்தான். ஃபீஸ் வாங்குவதும் அவர், பிள்ளை வரவில்லை என்றால் அம்மாவுக்குப் போன் பண்ணுவதும் அவர். ஜனவரியில் நின்றார். இரண்டு தெரு தள்ளிக் கொட்டகை போட்டார். 18 பேரில் 13 பேர் அங்கே போய்விட்டார்கள்.

பேப்பரை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் ஓடினேன். படித்துவிட்டுச் சிரித்தார். 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 27ஆவது பிரிவு. வேலையை விட்டுப் போன ஒருவரைப் பிழைப்பு நடத்தாதே என்று தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. வேலையில் இருக்கும்போது வெளியே எடுக்கக் கூடாது என்று சொல்லலாம், போன பிறகு முடியாது. எனக்கு மிஞ்சியது வக்கீல் ஃபீஸ் செலவுதான்.

மலைக்கோட்டை மணி:
மேடம், எழுதத் தெரியாமல் எழுதியிருப்பீர்கள். என்னிடம் 5 வாத்தியார், 130 பிள்ளைகள். ஒருத்தன் கூடப் போய்க் கடை விரித்ததில்லை. ஏன்? ஸ்டாம்ப் பேப்பர்!

சட்டைப்பை:
மணி சார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 3 கிலோமீட்டர் என்பது சின்னத் தூரம்தானே? நியாயமான கட்டுப்பாடு என்றால் கோர்ட் ஒத்துக்கொள்ளும் என்று எங்கோ படித்த ஞாபகம்.

சிலேட்டுக்குச்சி:
தம்பி, நீங்கள் படித்தது வெளிநாட்டுச் சட்டமாக இருக்கும். நம் 27ஆவது பிரிவில் வேலையை விட்டவருக்குத் தூரக் கணக்கே இல்லை. வியாபாரத்தை அதன் நற்பெயரோடு விலைக்கு விற்றவருக்கு மட்டும்தான் அதில் விலக்கு. சம்பளத்துக்கு வந்த வாத்தியார் எதை விற்றார்?

மலைக்கோட்டை மணி:
செல்லுமா செல்லாதா என்பது பிரச்சினையே இல்லை. கையெழுத்துப் போட்டவனுக்கு ஒரு பயம் இருக்கும், அதுதான் முக்கியம். இது ஸ்டாம்ப் பேப்பர் வாங்காதவர்களுக்குப் புரியாது.

சிலேட்டுக்குச்சி:
நான் வாங்கியிருந்தேன் என்றுதானே முதல் வரியிலேயே எழுதினேன்!

இரண்டாவது ஆள்:
அந்த மாதிரிப் பேப்பரில் கையெழுத்துப் போட்டவன் பேசுகிறேன். உங்கள் யார் சென்டரும் இல்லை, வேறு ஊர். 26 பிள்ளைகள், ஆளுக்கு 1,200 ரூபாய். மாதம் 31,200 வசூல் பண்ணி முதலாளி கையில் கொடுப்பேன். எனக்கு 9,000. மே மாதம் "பிள்ளைகள் இல்லையே" என்று அதுவும் கிடையாது. பத்தாவது பிள்ளைகள் பரீட்சை எழுதிவிட்டுப் போனால் அடுத்த செட் ஜூனில்தான் வரும். நடுவில் நான் என்ன சாப்பிடுவது? ஜூனில் தனியாக ஆரம்பித்தேன். யாரையும் கூப்பிடவில்லை, அவர்களே வந்தார்கள்.

மலைக்கோட்டை மணி:
"அவர்களே வந்தார்கள்." நல்ல கதை! பெஞ்ச் போட்டது யார், கரண்ட் பில் கட்டியது யார்? பாதி கொடு என்பான், பிறகு முழுசும் என்னுடையது என்பான். இதற்குத்தான் ஸ்டாம்ப் பேப்பர்.

இரண்டாவது ஆள்:
பாதி கேட்டேன் என்று நான் எங்கே சொன்னேன்?

சிலேட்டுக்குச்சி:
பாதி என்றால் எந்தப் பாதி என்பதிலேயே பல இடத்தில் சண்டை வருகிறது. இந்தத் தம்பி சொன்ன 31,200ஐயே எடுங்கள். வசூலில் பாதி 15,600. அறை வாடகை 6,000, கரண்ட், ஜெராக்ஸ் 2,200 என்று வைத்துக் கழித்தால் மிச்சம் 23,000, அதில் பாதி 11,500. "ஃபிஃப்டி ஃபிஃப்டி" என்று வாயால் சொல்லிவிட்டு, ஒருவர் முதல் கணக்கையும் மற்றவர் இரண்டாவது கணக்கையும் மனதில் வைத்திருப்பார்கள்.

என்னிடம் இப்போது செலவு போக மிச்சத்தில் பாதி, மாதா மாதம் நோட்டைக் காட்டித்தான். ஏப்ரல், மே இரண்டு மாதமும் 6,000 நிலையாகக் கொடுக்கிறேன். அந்தப் பணம் கொடுக்காத வருஷம் ஜூனில் புது ஆள் தேடி அலைந்தேன்.

அதைவிட முக்கியம், எந்த வகுப்பையும் முழுசாக ஒருவரிடம் விடுவதில்லை. எல்லா வகுப்புக்கும் கணக்கு நான், அறிவியல் அவர். ஃபீஸ் சென்டர் கணக்குக்கு வரும், சனிக்கிழமை டெஸ்ட் மார்க் சென்டர் நம்பரிலிருந்து போகும். போன வருஷம் அறிவியல் ஆசிரியை கல்யாணமாகிப் போய், புது ஊரில் டியூஷனும் ஆரம்பித்தார்.

மலைக்கோட்டை மணி:
வேறு ஊருக்குப் போனவளோடு பிள்ளைகள் எப்படிப் போவார்கள்? இதெல்லாம் ஒரு உதாரணமா!

சிலேட்டுக்குச்சி:
முடிக்க விடுங்கள். அதற்கு முந்தின அறிவியல் ஆசிரியர் இதே தெருவில்தான் எடுக்கிறார். 41 பேரில் 2 பேர் போனார்கள், அதுவும் அவருடைய அண்ணன் பிள்ளைகள்.

உறையூர்ப் பையன்:
நல்ல இழை. என் மனைவி அரசுப் பள்ளியில் டீச்சர். அவரையே இரண்டாவது ஆளாகப் போட்டால் இந்தத் தொல்லையே இல்லையே? ஸ்டாம்ப் பேப்பர் வேண்டுமா?

சட்டைப்பை:
வேண்டாம் அண்ணே. கல்வி உரிமைச் சட்டம் 28ஆவது பிரிவு, பள்ளி ஆசிரியர் தனி டியூஷன் எடுக்கக் கூடாது. இதை ஒழுங்காகப் படித்திருக்கிறேன்.

மலைக்கோட்டை மணி:
எங்கள் தெருவில் பாதிப்பேர் எடுக்கிறார்கள். சட்டம் பேசினால் யாரும் சென்டர் நடத்த முடியாது.

இரண்டாவது ஆள்:
அப்படியா? 130 பிள்ளைகள் என்றீர்கள். போன மாதம் வேறு இழையில் ஃபீஸ் 1,500 என்று பீற்றினீர்கள். 11 மாதத்துக்கு 21,45,000. வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், டியூஷனுக்கு 18 சதவீதம். உங்கள் போர்டில் நம்பர் இருக்கிறதா?

மலைக்கோட்டை மணி:
130 என்பது பரீட்சை நேரத்துக் கூட்டம். வருஷம் முழுக்க அவ்வளவு பேர் என்று நான் சொல்லவே இல்லை. பேச்சை மாற்றாதீர்கள். கேள்வி ஸ்டாம்ப் பேப்பர் பற்றியது.

சிலேட்டுக்குச்சி:
5 வாத்தியாரும் பரீட்சை நேரத்துக் கூட்டம்தானா?

மலைக்கோட்டை மணி:
மேடம், போன வருஷம் பழைய பெஞ்ச் வாங்குகிற இழையிலும் என்னோடு இப்படித்தான் மல்லுக்கு நின்றீர்கள். நான் சொன்ன கடையில் வாங்காமல் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி, நாலு மாதத்தில் கால் உடைந்தது யாருக்கு?

சிலேட்டுக்குச்சி:
இரண்டு நாற்காலிதான் உடைந்தது. அதுவும் பிள்ளைகள் ஆடியதால்.

மலைக்கோட்டை மணி:
உடைந்ததா இல்லையா? நாளைக்கு என் ஸ்டாம்ப் பேப்பர் நகலையே இங்கே போடுகிறேன், எல்லாரும் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

சட்டைப்பை:
பொங்கலுக்கு முன்னாலும் போடுகிறேன் என்றீர்கள் சார்.

உறையூர்ப் பையன்:
மனைவி எடுக்கக் கூடாது, சரி. பேப்பர் திருத்திக் கொடுக்கலாமா?