எம்.சி.வி. 107.9, ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது: அப்பாவுக்கு என்ன?

கெடிலக்கரை (திருப்பாதிரிப்புலியூர்)

அவசரம். அப்பாவின் ரத்தப் பரிசோதனை முடிவு இன்று வந்தது. ஹீமோகுளோபின் 14.2, அதில் குறையில்லை. ஆனால் சிவப்பணுவின் சராசரி அளவான எம்.சி.வி. 107.9 என்று தடித்த எழுத்தில் போட்டுப் பக்கத்தில் அம்புக்குறி வைத்திருக்கிறார்கள். சிவப்பணு பெரிதாக இருக்கிறதாம். எங்கள் டாக்டர் திங்கட்கிழமைதான் வருவார். இணையத்தில் தேடினால் ரத்தப் புற்றுநோய் வரை கொண்டுபோய் விடுகிறது. வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உப்பனாறு

தம்பி, அப்பாவுக்கு என்ன வயது? என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? குடிப்பழக்கம் உண்டா? இந்த மூன்றும் இல்லாமல் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

நெய்தல்

ரத்தத்தில் கோளாறு என்றாலே இரும்புச்சத்துக் குறைவுதான். முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் ஒரு மாதம் கொடுங்கள். எங்கள் தேவனாம்பட்டினத்தில் பலருக்கு இதில்தான் சரியானது.

தானே_2011

இரும்பு குறைந்தால் அணு சிறுக்கும், பெருக்காது. இது பாலபாடம். இதே கேள்விக்கு நான் முன்பே விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சமாகும். அறிக்கையை முழுசாகத் தராமல் ஒரே ஒரு எண்ணைத் தூக்கிக்கொண்டு வருவது எப்போது நிற்குமோ.

சோதனைக்கூடத்தார் (புதுச்சேரி)

தம்பி, பயப்படாமல் அறிக்கையின் மற்ற வரிகளையும் போடுங்கள். சிவப்பணு எண்ணிக்கை, பி.சி.வி., எம்.சி.எச்.சி., வெள்ளையணு, தட்டணு. ஆய்வகத்திலேயே வாழ்நாளைக் கழித்தவன் என்பதால் கேட்கிறேன். நோயாளியைப் பார்க்கும் முன் கருவியை நம்பலாமா என்று பார்க்க வேண்டும்.

பாகூர்_மீனா

தம்பி, எனக்கும் 102 இருக்கிறது. முடக்குவாதத்துக்காக வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறேன், மறுநாள் ஃபோலிக் ஆசிட். 'இந்த மருந்தின் குணம் அப்படி, பார்த்துக்கொண்டே இருப்போம்' என்று டாக்டர் சொல்லிவிட்டார். உங்கள் அப்பாவுக்கும் ஒன்றும் இருக்காது, நிம்மதியாகத் தூங்குங்கள்.

கெடிலக்கரை

மன்னிக்கவும், பதற்றத்தில் எழுதிவிட்டேன். வயது 58. சிவப்பணு எண்ணிக்கை 39.4 லட்சம், பி.சி.வி. 42.5, எம்.சி.எச்.சி. 33.4, வெள்ளையணு 5,600, தட்டணு 1.48 லட்சம். சர்க்கரைக்கு மட்டும் மாத்திரை சாப்பிடுகிறார். குடி எப்போதாவதுதான். நாங்கள் கடற்கரைக்காரர்கள், தினமும் மீன் உண்டு, அதனால் சத்துக்குறைவுக்கு வழியே இல்லை.

உப்பனாறு

'எப்போதாவது' என்றால் எவ்வளவு? சர்க்கரை மாத்திரையின் பெயர் என்ன, எத்தனை வருடமாக? காலில் மரப்பு உண்டா?

சோதனைக்கூடத்தார்

எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கான பி.சி.வி.யை, லட்சத்தில் சொன்ன அணு எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்கினால் 107.9 வந்துவிடுகிறது. குளிரில் ஒட்டிக்கொள்ளும் ரத்தமாக இருந்தால் இரண்டு மூன்று அணுக்களைக் கருவி ஒன்றாக எண்ணி, பெரிய அணு என்று பொய் சொல்லும். அப்போது அணுக்களில் ஹீமோகுளோபின் செறிவைக் காட்டும் எம்.சி.எச்.சி. 36-க்கு மேல் தாவும். இங்கே 33.4, அந்தச் சந்தேகம் இல்லை. மாதிரி நெடுநேரம் வெளியில் கிடந்தாலும் அணு உப்பும், சர்க்கரை மிக அதிகமாக இருந்தாலும் உப்பிக் காட்டும். ஆகவே அடுத்த முறை எடுத்த உடனே ஓட்டச் சொல்லுங்கள்.

ஹீமோகுளோபின் ஏன் சரியாக இருக்கிறது என்பதும் இந்த எண்களிலேயே தெரிகிறது. அணுக்களின் எண்ணிக்கை குறைந்திருக்கிறது; ஆனால் ஒவ்வொன்றும் பெரிதாக இருப்பதால் அதிகமாகச் சுமக்கிறது. மொத்தக் கணக்கு சமமாகிவிடுகிறது. சோகை இல்லை என்பதற்காக விட்டுவிடக் கூடாது.

கெடிலக்கரை

அம்மாவிடம் கேட்டேன். மெட்ஃபார்மின் 1000, காலையும் இரவும், எட்டு வருடமாகச் சாப்பிடுகிறாராம். குடி விஷயத்தில் எனக்குத் தெரிந்தது வேறு, நடப்பது வேறு. வேலை முடிந்து வரும்போது பாண்டிச்சேரி எல்லைக் கடையில் ஒரு குவார்ட்டர் பிராந்தி, அநேகமாகத் தினமும். கால் விஷயம் கேட்டதும்தான் நினைவு வந்தது. போன வாரம் வாசலில் ஒரு கால் செருப்பு கழன்று கிடந்தது, அவர் மற்றதோடு கூடம் வரை நடந்து வந்துவிட்டார், கழன்றதே தெரியவில்லை. சர்க்கரையால் வந்த மரப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

வில்லியனூர்வாசி

விடை கிடைத்துவிட்டது. பிராந்திதான். இன்றிரவே நிறுத்தச் சொல்லுங்கள், மருந்துக்கடையில் ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம் வாங்கிக் கொடுங்கள். மூன்று நான்கு மாதத்தில் எண் இறங்கிவிடும். என் மைத்துனனுக்கு அப்படித்தான் இறங்கியது.

சோதனைக்கூடத்தார்

வில்லியனூர் நண்பர் சொல்வதில் பாதி சரி. ஒரு குவார்ட்டரில் ஏறத்தாழ 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. தினமும் அந்த அளவு போனால், சத்துக்குறைவு எதுவும் இல்லாமலே எலும்பு மஜ்ஜையில் அணுக்கள் பெரிதாக உருவாகும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால், குடியை விட்ட பிறகு பழைய அணுக்கள் கழிய மூன்று நான்கு மாதம் ஆவதும் உண்மை.

மற்ற பாதி ஆபத்து. தினமும் குடிப்பவர் ஒரே இரவில் நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, முதல் இரண்டு நாளில் வலிப்பு, அதன்பின் மனக்குழப்பம் வரை போகலாம். டாக்டர் மேற்பார்வையில் நிறுத்தட்டும். அடுத்தது, ஃபோலிக் ஆசிட் தனியாக வேண்டாம். பி12 குறைவாக இருந்து ஃபோலிக் ஆசிட் மட்டும் கொடுத்தால் ரத்தம் அழகாகிவிடும், நரம்பு மட்டும் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். காலில் மரப்பு உள்ளவருக்கு அதைச் செய்யவே கூடாது.

மீன் சாப்பிட்டால் பி12 குறையாது என்பதும் சரியல்ல. மெட்ஃபார்மின் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. வஞ்சிரம் தின்றாலும் உள்ளே சேராது. கல்லீரலில் சேமிப்பு பல வருடத்துக்கு இருப்பதால் குறைவு மெதுவாகத்தான் தலைகாட்டும். எட்டு வருடம் போதுமான காலம். ஆனால் மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மீனா அம்மாவின் கதை வேறு. அவருக்குக் காரணம் தெரிந்திருக்கிறது, டாக்டர் கவனித்துவருகிறார். இவருக்குக் காரணம் இன்னும் தெரியவில்லை.

ஆகவே பி12, அணுக்களின் வடிவம் பார்க்கும் பெரிஃபெரல் ஸ்மியர், ஜி.ஜி.டி.யோடு கல்லீரல் பரிசோதனை, தைராய்டுக்கு டி.எஸ்.எச். இவை எல்லாம் எடுத்த பிறகே பி12 ஊசி. முதலில் ஊசி போட்டுவிட்டால் பி12 எண்ணுக்குப் பொருளே இல்லாமல் போய்விடும்.

வில்லியனூர்வாசி

பிராந்தி வேண்டாம் என்றால் கள் குடிக்கலாமே? எங்கள் பக்கம் கள்ளுக்கடை உண்டு. உணவு மாதிரிதான், உடலுக்குக் குளிர்ச்சி. தமிழ்நாட்டில் தடை போட்டுப் பனையேறிகளைக் கெடுத்தார்கள், பிராந்தியைத் தெருவுக்குத் தெரு கொண்டுவந்தார்கள்.

தானே_2011

கள்ளில் ஆல்கஹால் இல்லையா? மதியத்துக்குள் புளித்த கள் எவ்வளவு ஏறும் என்று தெரிந்துதான் பேசுகிறீர்களா?

நெய்தல்

தமிழ்நாட்டின் தடை பற்றி அவர் சொன்னது நியாயம். கள் தனி, பிராந்தி தனி. பனையேறுகிறவர்களின் பிள்ளைகள் இன்று என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள்.

உப்பனாறு

தடை பற்றி வேறு இழையில் பேசுங்கள். எலும்பு மஜ்ஜைக்கு எந்தப் பானம் என்ற கணக்கு கிடையாது. எத்தனை கிராம் என்பதுதான். தம்பியின் அப்பாவுக்குக் கால் மரத்திருக்கிறது.

வில்லியனூர்வாசி

சொன்னதில் என்ன தப்பு என்று எனக்கு இன்னும் புரியவில்லை. சரி, விடுகிறேன்.

கெடிலக்கரை

முடிவுகள் வந்தன. பி12 212, 'இயல்பு' என்று போட்டிருக்கிறது, 200 முதல் 900 வரை இயல்பாம். ஸ்மியரில் பெரிய வட்டமான சிவப்பணுக்கள், வேறு ஒன்றும் எழுதவில்லை. கல்லீரல் பரிசோதனையில் எஸ்.ஜி.ஓ.டி. 88, எஸ்.ஜி.பி.டி. 41, ஜி.ஜி.டி. 142. தைராய்டு சரி. அப்படியானால் பி12 சரிதானே?

தானே_2011

212 இயல்புக்குள் இருக்கிறது. ஸ்மியரில் வட்டமான அணு. குடிதான் காரணம், முடிந்தது. நான் முதலிலேயே ஊகித்தேன்.

சோதனைக்கூடத்தார்

குடியின் கை இதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஜி.ஜி.டி. ஏறியிருக்கிறது, எஸ்.ஜி.ஓ.டி. எஸ்.ஜி.பி.டி.யைப்போல் இரு மடங்கு. தட்டணு சற்றுக் குறைந்திருப்பதும் அதோடு பொருந்துகிறது. பி12 குறைவில் அணு முட்டை வடிவில் இருக்கும், வெள்ளையணுவின் உட்கரு ஐந்தாறு மடலாகப் பிரிந்திருக்கும். இங்கே அது இல்லை.

ஆனாலும் 212 என்பது எல்லையில் நிற்கும் எண். 200-க்கும் 300-க்கும் நடுவில் இருக்கும்போது திசுக்களுக்குப் போதவில்லை என்பது பலருக்கு உண்மையாகிறது. கல்லீரல் புண்பட்டிருந்தால் ரத்தத்தில் பி12 பொய்யாக உயர்ந்தும் தெரியும். இவரது உண்மை அளவு 212-ஐவிடக் குறைவாகவே இருக்கலாம். ரத்தம் கெடுவதற்கு முன்பே நரம்பு கெடலாம் என்பதால் ஸ்மியர் சுத்தமாக இருப்பதை வைத்துப் பி12-ஐ விடுவிக்க முடியாது. பி12 போதாதபோது ஏறும் மீத்தைல்மலோனிக் அமிலம் பார்த்தால் தெளிவு கிடைக்கும், எல்லா ஊரிலும் கிடைக்காது, செலவும் அதிகம். ஹோமோசிஸ்டீன் குடியாலும் ஏறும், அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது.

திங்கட்கிழமை டாக்டரிடம் செருப்புக் கதையைக் கட்டாயம் சொல்லுங்கள். கால் பெருவிரலில் இசைக்கவை வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. சர்க்கரை, குடி, பி12 மூன்றுமே இந்த மரப்பைத் தரும். மூன்றிலும் உடனே சரிசெய்யக்கூடியது பி12.

கெடிலக்கரை

டாக்டர் பார்த்தார். அதிர்வு கணுக்கால் வரை தெரியவில்லை. பி12 ஊசி தொடங்கியாயிற்று, தயமின் மாத்திரையும் கொடுத்தார். குடியைக் குறைக்க உள்ளே சேர்க்கலாமா என்று வியாழனன்று முடிவு. மெட்ஃபார்மின் தொடர்கிறது. எல்லோருக்கும் நன்றி, இப்போது மருத்துவமனை வாசலில் இருக்கிறேன்.

தானே_2011

இரண்டையும் ஒரே நேரத்தில் சரிசெய்தால், நான்கு மாதம் கழித்து எம்.சி.வி. இறங்கும்போது எது காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? முதலில் குடியை மட்டும் நிறுத்திப் பார்த்திருக்க வேண்டும்.

சோதனைக்கூடத்தார்

கண்டுபிடிக்க முடியாமல் போகலாம், ஒப்புக்கொள்கிறேன். நரம்பு நான்கு மாதம் காத்திருக்காது, அதனால் டாக்டர் செய்ததே சரி என்பது என் கருத்து. இரண்டும் சரியான பிறகும் எம்.சி.வி. 100-க்கு மேலேயே நின்று, தட்டணுவோ வெள்ளையணுவோ இறங்கத் தொடங்கினால், அப்போது ரத்தநோய் நிபுணரைப் பார்க்க வேண்டும். தம்பி, அடுத்த பரிசோதனையை அதே ஆய்வகத்தில் எடுங்கள்; வேறு கருவியில் இரண்டு மூன்று புள்ளி மாறினாலும் இங்கே வீண் சண்டை வரும்.

உப்பனாறு

தம்பி, உள்ளே சேர்த்தீர்களா?

பாகூர்_மீனா

நானும் கேட்க வந்தேன். என் மெத்தோட்ரெக்சேட் கதையைச் சொல்லித் தூங்கச் சொன்னேனே என்று இருக்கிறது. முடிந்தால் ஒரு வரி எழுதுங்கள் தம்பி.