வயதை 42 என்று எழுதியதில் அக்காவுக்குக் குறைந்த தொகை

திருப்பூர்த் தம்பி:
அக்கா வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் பவர்டேபிள் டெய்லர். 2019இல் வேலை முடிந்து பைக்கில் வரும்போது டெம்போ மோதி இறந்துவிட்டார். அக்கா, இரண்டு பிள்ளைகள், அவருடைய அம்மா என நான்கு பேர் அவர் சம்பாத்தியத்தில் இருந்தவர்கள். 2022இல் இழப்பீட்டு வழக்கில் தீர்ப்பாயம் ஆர்டர் போட்டது. வாரக் கூலி என்பதால் சம்பளச் சீட்டு கிடையாது. மாதம் 22,000 வந்தது என்று சூப்பர்வைசர் சாட்சி சொன்னார், ஆனால் அவரிடம் பதிவேடு இல்லை. அதனால் 15,000 என்று வைத்தார்கள். அதை நான் பெரிதாக எதிர்க்கவில்லை. என் மனதை அறுப்பது வயது. பள்ளிச் சான்றிதழ்படி அவருக்கு 38. போஸ்ட்மார்ட்டம் அறிக்கையில் உத்தேசமாக 42 என்று எழுதியிருந்ததை மனுவிலும் அப்படியே போட்டுவிட்டார்கள். நாலு வயதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

சேலத்து மகள்:
வயது யாருடையது என்று பார்த்தீர்களா? இறந்தவர் வயதைப் பார்க்க மாட்டார்கள், நம்பியிருக்கிறவர் வயதைத்தான் பார்ப்பார்கள். என் தம்பிக்கு 24 வயது, கல்யாணம் ஆகவில்லை. அம்மாவுக்கு 50 என்பதால் அந்த வயதுக்குரிய எண்ணை வைத்துத்தான் வருட வருமானத்தைப் பெருக்குவார்கள் என்று எங்கள் வக்கீல் சொன்னார்.

பழைய குமாஸ்தா:
அம்மா, உங்கள் வக்கீல் சொன்னது கல்யாணமாகாதவர்களுக்கு ஒரு காலத்தில் சில கோர்ட்டுகளில் நடந்தது. 2017இல் பிரணய் சேத்தி தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இறந்தவர் வயதுதான் என்று முடித்துவிட்டது. உங்கள் தம்பிக்கு 18ஆல் பெருக்க வேண்டும். கல்யாணமாகாதவர் என்பதால் சொந்தச் செலவுக்கு வழக்கமாகப் பாதியைக் கழிப்பார்கள். இன்னும் ஆர்டர் வராவிட்டால் இதைச் சொல்லி வாதாடச் சொல்லுங்கள்.

திருப்பூர்த் தம்பி, நான் மோட்டார் வாகன வழக்கு பார்க்கும் வக்கீலிடம் 26 வருடம் இருந்தவன். வயது இரண்டு இடத்தில் அடிக்கும். சொந்தத் தொழில் செய்பவருக்கும் கூலிக்காரருக்கும் பின்னால் வருமானம் கூடியிருக்கும் என்று 40 வயதுக்குள் 40 சதவீதம் சேர்ப்பார்கள், 40ஐத் தாண்டினால் 25தான். பெருக்கும் எண் 38க்கு 15, 42க்கு 14.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 38 வயதானால் 15,000 என்பது 21,000 ஆகும். நான்கு பேர் நம்பியிருந்ததால் அவர் சொந்தச் செலவுக்குக் கால் பங்கு போக 15,750 நிற்கும். வருடத்துக்கு 1,89,000. பதினைந்தால் பெருக்கினால் 28,35,000. 42 வயதென்றால் 15,000 என்பது 18,750 ஆகும். அதே வழியில் போனால் 23,62,500. வித்தியாசம் 4,72,500.

திருப்பூர்த் தம்பி:
ஆர்டரில் அந்த 23,62,500தான் இருக்கிறது அண்ணா. அதற்கு மேல் ஈமச்செலவு, சொத்திழப்பு, அன்பிழப்பு என்று கொஞ்சம் சேர்த்திருக்கிறார்கள்.

பழைய குமாஸ்தா:
அன்பிழப்பு எத்தனை பேருக்கு என்று பாருங்கள். 2022 கணக்கில் ஆளுக்கு 44,000. மனைவிக்கு மட்டும் போட்டுவிட்டுப் பிள்ளைகளையும் தாயையும் விட்ட ஆர்டரை நான் பார்த்திருக்கிறேன்.

திருப்பூர்த் தம்பி:
அக்காவுக்கு மட்டும்தான் போட்டிருக்கிறது! இத்தனை நாள் கவனிக்கவே இல்லை.

லாரி டிரைவர்:
எனக்கு 2017இல் கால் முறிந்து 45 சதவீத ஊனம் என்று சர்டிபிகேட் கொடுத்தார்கள். எனக்கும் கால் பங்கு கழிப்பார்களா?

பழைய குமாஸ்தா:
உங்கள் வழக்கு வேறு. நீங்கள் உயிரோடு இருந்து சாப்பிடுகிறீர்கள், அதனால் சொந்தச் செலவுக் கழிவு கிடையாது. அந்தக் காலை வைத்து லாரி ஓட்ட முடியுமா, முடியாதா என்பதுதான் அங்கே கேள்வி. டிரைவருக்கு 45 சதவீத ஊனம் சம்பாத்தியத்தில் அதைவிடப் பெரிய இழப்பாகலாம். தனிப் பதிவாகப் போடுங்கள்.

திருப்பூர்த் தம்பி:
உயர்நீதிமன்றத்துக்கு அப்பீல் போயிருக்கிறோம். 90 நாள் தாண்டித்தான் போட்டோம், தாமதத்தை மன்னிக்கும் மனு நடக்கிறது. ஆதார் அட்டையில் பிறந்த வருடம் மட்டும் இருக்கிறது, அதுவும் 1979. பள்ளிச் சான்றிதழில் 1981. எதை எடுப்பார்கள்?

பழைய குமாஸ்தா:
2024 அக்டோபரில் சரோஜ் என்ற வழக்கில் இதே சிக்கல் வந்தது. ஆதாரை வயதுக்குச் சான்றாக எடுக்காமல் பள்ளிச் சான்றிதழைத்தான் உச்ச நீதிமன்றம் ஏற்றது. தலைமை ஆசிரியரிடம் சேர்க்கைப் பதிவேட்டின் நகலும் வாங்கி வையுங்கள். ஆனால் மனுவில் நீங்களே 42 என்று எழுதியதை எதிர்த்தரப்பு விடாமல் பிடிக்கும். போஸ்ட்மார்ட்டம் அறிக்கையைப் பார்த்து எழுதிய தவறு என்பதை அக்காவே பிரமாணப் பத்திரத்தில் சொல்லட்டும். நீதிபதி ஏற்பாரா என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

சேலத்து மகள்:
இன்சூரன்ஸ்காரர்கள் உங்கள் அக்காவின் மாமியாரை நம்பியிருந்தவர்கள் கணக்கிலிருந்து விடச் சொல்லிக் கேட்டார்களா? எங்கள் வழக்கில் அப்பா பென்ஷன் வாங்குகிறார், அவர் நம்பியிருக்கவில்லை என்றார்கள்.

திருப்பூர்த் தம்பி:
கேட்டார்கள். மூத்த மகனோடு இருக்கிறார், கணக்கில் சேராது என்றார்கள். மூன்று பேர் என்றாகியிருந்தால் கால் பங்குக்குப் பதில் மூன்றில் ஒரு பங்கு கழிந்திருக்கும். ரேஷன் கார்டில் மாமியார் பெயர் எங்கள் அக்கா வீட்டில்தான் இருந்தது. அதைக் காட்டித்தான் தப்பித்தோம். நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். அந்தக் கட்டடத்தையே இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்களாம், பழைய பதிவேடு எங்கே இருக்கிறதென்று முதலில் விசாரிக்க வேண்டும்.