ஒரே வீட்டில் இரண்டு கணினி, ஆனால் கோப்புகள் ஆமை வேகத்தில் வருகின்றன: சிங்க்திங் தெரிந்தவர்கள் உதவுங்கள்

மாடிப்படி: அவசரம். இதுவரை தொலைமேசை வழியாக மேசைக் கணினிக்குள் நுழைந்து, படங்களை ஒவ்வொன்றாக மடிக்கணினிக்கு இழுத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தொல்லை வேண்டாம் என்று, கோப்புகளைத் தானாக ஒத்திசைக்கும் சிங்க்திங்கை இரண்டிலும் போட்டேன். மொத்தம் 60 ஜிபி. இரவு முழுவதும் ஓடியும் 5 ஜிபியைத் தாண்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆல்பம் கொடுக்க வேண்டும்.

கயல்: இரண்டிலும் என்ன இயங்குதளம்? ஒரே வைஃபையா? சிங்க்திங் பக்கத்தில் மற்றக் கணினியின் பெயரைச் சொடுக்கினால் `Connection Type` என்று ஒரு வரி வரும். அதில் என்ன இருக்கிறது?

பழைய_முனையம்: இரண்டே கணினிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? rsync-இல் ஒரு வரி அடித்தால் முடிந்தது. படித்துப் பார்க்கும் பழக்கம் போய்விட்டது.

அன்வர்: எனக்கும் கைப்பேசியில் இப்படித்தான் இருந்தது. பேட்டரி சேமிப்பை நிறுத்தியதும் சரியானது.

மாடிப்படி: கைப்பேசி இல்லை ஐயா. மேசைக் கணினி விண்டோஸ், மடிக்கணினி உபுண்டு. இணைய இணைப்பு ஒன்றுதான். `Relay WAN` என்று காட்டுகிறது.

சேது: பிடிபட்டது. ரௌட்டரில் 22000 போர்ட்டைத் திறந்துவிடுங்கள், பறக்கும்.

கயல்: சேது, அது வெளியூரிலிருந்து இணைபவர்களுக்கு. இவருடைய இரண்டு கணினிகளும் ஒன்றையொன்று எட்ட முடியாமல், யாரோ தன்னார்வலர் நடத்தும் இடைநிலைச் சேவையகம் வழியாகப் பேசுகின்றன. மறையாக்கம் செய்துதான் போகிறது, அதனால் படங்களை அவர் பார்க்க முடியாது. ஆனால் வீட்டுக்குள்ளேயே வரவேண்டிய படம் இணையத்தைச் சுற்றி வருகிறது. மாடிப்படி, இரண்டின் ஐபி முகவரியும் கொடுங்கள்.

மாடிப்படி: மேசை 192.168.1.10, மடி 192.168.0.105. மாடியில் சிக்னல் வராததால் பழைய ரௌட்டர் ஒன்றைக் கம்பியில் மாட்டியிருக்கிறேன். இதையும் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

கயல்: அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்! மாடி ரௌட்டர் தனி வலையமைப்பை உண்டாக்கிவிட்டது. கீழே இருப்பது மேலே இருப்பதைக் கூப்பிட முடியாது. ஆனால் மேலிருந்து கீழே கூப்பிட முடியும், சிங்க்திங்குக்கு ஒரு பக்கம் கதவு திறந்திருந்தாலே போதும். அதுவும் நடக்கவில்லை என்றால் விண்டோஸ் தடுக்கிறது. மடிக்கணினியில் இதை அடித்துப் பாருங்கள்:

```
nc -vz 192.168.1.10 22000
```

மாடிப்படி: `timed out`.

சேது: அப்படியானால் விண்டோஸ் ஃபயர்வாலில் 22000-க்கு அனுமதி விதி ஒன்று சேருங்கள்.

மாடிப்படி: சேர்த்தேன். அப்போதும் `timed out`.

கயல்: முதல்முறை சிங்க்திங்கைத் திறந்தபோது அனுமதிக்கலாமா என்று விண்டோஸ் கேட்டிருக்கும். ரத்து என்று அழுத்தினீர்களா? அழுத்தியிருந்தால் `syncthing.exe` பெயரில் தடை விதி உருவாகியிருக்கும். தடை விதி இருக்கும்வரை அனுமதி விதி எத்தனை சேர்த்தாலும் செல்லாது. உள்வரும் விதிகளின் பட்டியலில் அதைத் தேடி நீக்குங்கள்.

மாடிப்படி: இருந்தது, இரண்டு! நீக்கியதும் விறுவிறுவென்று வருகிறது. மேசையில் `TCP LAN`, மடியில் `TCP WAN` என்று வேறுவேறாகக் காட்டுகிறது, பரவாயில்லையா? மடியில் இடம் குறைவு. ஆல்பத்துக்கு எடுத்ததும் அங்கே இருப்பவற்றை அழித்துவிடுகிறேன். மிக்க நன்றி.

கயல்: அந்த வேறுபாடு மாடி ரௌட்டரால் வருவது, விடுங்கள். ஆனால் அழிக்காதீர்கள்! மடியில் அழித்தால் மேசையிலும் அழியும்.

சேது: மடிக்கணினியில் பழைய பதிப்புகளைச் சேமிக்கும் வசதியை இயக்கினால் பயமில்லை.

கயல்: மடியில் இயக்கிப் பயனில்லை. மற்றக் கணினியிலிருந்து வரும் மாற்றத்தால் போகும் கோப்பைத்தான் அது எடுத்துவைக்கும், நாமே கையால் அழிப்பதை அல்ல. இங்கே மேசையில்தான் இயக்க வேண்டும். அதைவிட, மேசையில் கோப்புறையின் வகையை `Send Only` என்று மாற்றுவது நல்லது, மடியில் அழிப்பது மேசையைத் தொடாது.

பழைய_முனையம்: `Send Only` என்றால் கோப்புறை ஒத்திசையவில்லை என்று எப்போதும் சிவப்பாகக் கிடக்கும். ஒருநாள் அந்த `Override Changes` பொத்தானை அழுத்துவார், 60 ஜிபியும் மறுபடி மடிக்கு வந்து இறங்கும். rsync-இல் இந்த வம்பே கிடையாது.

கயல்: rsync-இல் `--delete` போட்டுத் திசையை மாற்றி அடித்தவர்களும் இங்கே உண்டு, உங்களையும் சேர்த்து. சிவப்பு பிடிக்காவிட்டால், வேலை முடிந்ததும் மடியின் சிங்க்திங்கிலிருந்து அந்தக் கோப்புறையை முதலில் நீக்கலாம். கோப்புகள் வட்டில் அப்படியே இருக்கும், பிறகு அழித்தால் மேசைக்குத் தெரியாது.

பழைய_முனையம்: அது 2011-இல் ஒரே ஒருமுறை.

கயல்: மாடிப்படி, படித்தீர்களா? இன்னும் எதையும் அழிக்கவில்லையே?

அன்வர்: இன்று திங்கள்கிழமை. ஆளையே காணோம்.