இந்தக் கேள்வி எதைச் சோதிக்கிறது? (எல்.எல்.ஆர் மாதிரித் தேர்வு)

வியாசை வாத்தியார்:
நான் எழுதிய கேள்வி. சிக்னலோ பலகையோ இல்லாத நாற்சந்தி, இரண்டும் ஒரே அகலச் சாலை. நீங்கள் பைக்கில் நேராகப் போகிறீர்கள். இடப்பக்கத்திலிருந்து கன்டெய்னர் டிரெய்லர் வருகிறது. என்ன செய்வீர்கள்?
அ) ஹாரன் அடித்தபடி போவேன்
ஆ) வேகமெடுத்து முந்திக் கடப்பேன்
இ) வேகத்தைக் குறைத்து, சூழ்நிலையைக் கவனித்து, பாதுகாப்பாக இருந்தால் மட்டும் கடப்பேன்
விடை இ. மனப்பாடம் செய்து இதற்கு விடை எழுத முடியாது.

மிண்ட் பயிற்சியாளர்:
மனப்பாடமே வேண்டாம் வாத்தியாரே, கேள்வியைக்கூடப் படிக்க வேண்டாம். கேள்வியைக் கையால் மூடிக்கொண்டு மூன்று விடைகளை மட்டும் என் அக்கா மகளிடம் காட்டினேன். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத பிள்ளை, இ என்று சொல்லிவிட்டது. நீளமாகவும் நல்ல பிள்ளையாகவும் இருக்கும் விடைதான் சரி என்று எல்லாருக்கும் தெரியும். டிரெய்லர் இடமா வலமா என்பதே உங்கள் கேள்விக்குத் தேவைப்படவில்லை.

டிரெய்லர்க்காரன்:
இடமாவது வலமாவது. எண்ணூர் ரோட்டில் நாற்பது அடி கன்டெய்னரை இழுத்துக்கொண்டு வருகிறவனுக்குத்தான் வழி. நினைத்த இடத்தில் என் வண்டி நிற்காது.

மிண்ட் பயிற்சியாளர்:
நிற்காது என்பது உண்மை, தம்பி. அதனால் வழி உன்னுடையது ஆகிவிடாது. 2017 ஓட்டுதல் ஒழுங்குமுறைகள்படி இப்படிப்பட்ட சந்தியில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். பைக் உனக்கு வலப்பக்கம். நீதான் விடணும்.

வாத்தியாரே, இப்படி எழுதுங்கள். டிரெய்லர் வேகம் குறையாமல் வருகிறது என்று படத்திலேயே தெரியட்டும்.
அ) உரிமை எனக்கு, அதே வேகத்தில் போவேன்
ஆ) உரிமை டிரெய்லருக்கு, நிற்பேன்
இ) உரிமை எனக்கு, ஆனாலும் நிற்கத் தயாராவேன்
ஈ) உரிமை டிரெய்லருக்கு, ஆனாலும் முந்திவிடுவேன்
அ என்றவனுக்கு விதி தெரியும், எதிரே இருப்பது தெரியாது. ஆ என்றவன் இன்றைக்குத் தப்பிப்பான். நாளைக்கு வழிவிட வேண்டிய இடத்தில் விடமாட்டான். தப்பான விடையும் எதையாவது சொல்லணும். உங்கள் அ, ஆ எதைச் சொல்கிறது?

வியாசை வாத்தியார்:
வலப்பக்க விதியை எனக்கே பாடம் எடுக்கிறீர்களா? எந்தச் சந்தியாக இருந்தாலும் வலப்பக்கம்தான் முதல். இருபது வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன்.

மிண்ட் பயிற்சியாளர்:
எந்தச் சந்தியிலும் என்றால் தப்பு. பிரதான சாலையில் போகிறவர் வலப்பக்கச் சந்திலிருந்து வருபவருக்காக நிற்க வேண்டியதில்லை. அங்கே சும்மா பிரேக் போட்டு "நீ போப்பா" என்று கை காட்டினால் பின்னால் வருகிறவன் இடிப்பான். அதையும் ஒரு கேள்வியாக வையுங்கள். அதில் நிற்பதுதான் தப்பான விடை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எல்லாவற்றுக்கும் "குறைப்பேன்" என்று குத்துகிறவன் மாட்டுவான்.

காசிமேடு அக்கா:
போன மாசம் ஒரு மீன்பாடி வண்டி எனக்கு வலப்பக்கச் சந்திலிருந்து வந்து என் ஸ்கூட்டியில் மோதிவிட்டது. அப்போ தப்பு என் மேலா? அவர் பக்கம் ஏதோ பலகை இருந்தது, பேனர் கட்டி மறைத்திருந்தார்கள்.

மிண்ட் பயிற்சியாளர்:
முழுசாக மறைந்திருந்ததா அக்கா, ஓரம் தெரிந்ததா? தலைகீழ் முக்கோணம் என்றால் வழிவிடு. எட்டுப் பட்டை என்றால் நில். இந்த வடிவங்கள் வேறு பலகைகளுக்குக் கிடையாது. பின்பக்கத்திலிருந்து பார்த்தாலே அந்தச் சந்துக்காரர் நிற்கவேண்டியவர் என்று உங்களுக்குப் புரியும். எழுத்தே தெரியாமல், எட்டுப் பட்டையின் பின்பக்கத்தை மட்டும் படத்தில் வைத்து "யார் நிற்கணும்?" என்று ஒரு கேள்வி கேட்கலாம். வாத்தியார் கேட்பாரா?

காசிமேடு அக்கா:
ஓரம் பார்த்த ஞாபகம் இல்லை தம்பி. என் ஹெட்லைட்டுக்கு யார் காசு கொடுப்பது?

வியாசை வாத்தியார்:
பலகையின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு யார் வண்டி ஓட்டுவார்? என் மாணவர்கள் தேர்வில் பாஸ் ஆகிறார்கள். உங்கள் பள்ளியில் எட்டு போடத் தெரியாமல் திரும்பி வந்த கதை பேட்டை முழுக்கத் தெரியும்.

மிண்ட் பயிற்சியாளர்:
எட்டு போடுவது கைப்பழக்கம், இங்கே பேச்சு கேள்வித்தாள். 60 சதவீதம் எடுத்தால் எல்.எல்.ஆர் கிடைக்கும். உங்கள் கேள்வி மாதிரியே தாள் முழுக்க இருந்தால் என் அக்கா மகள் இன்றைக்கே வாங்கிவிடுவாள். கேள்வியை மூடிப் பார்த்தீர்களா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

வியாசை வாத்தியார்:
மூட மாட்டேன். கேள்வி படிப்பதற்குத்தான்.

டிரெய்லர்க்காரன்:
வலப்பக்கம் வலப்பக்கம் என்கிறீர்களே, ராத்திரி இரண்டு மணிக்குத் திருவொற்றியூர் பக்கம் லோடோடு என் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். வண்டி நிற்காது சார்.

மிண்ட் பயிற்சியாளர்:
அதனால்தான் தம்பி நான் இ என்று விடை வைத்தேன். உரிமை அப்பவும் பைக்குக்குத்தான்.

டிரெய்லர்க்காரன்:
நிற்காது என்கிறேன்.